நாமினி யார், வாரிசு யார்: பாஸ்புக்கில் எந்தப் பெயரை எழுதுவது?

மூத்த குடிமக்கள் கூட்டங்களில் பேசப் போகும்போது முதலில் ஒரு வேலை கொடுப்பேன். "பாஸ்புக் கையில் இருக்கிறவர்கள் முதல் பக்கத்தைத் திருப்புங்கள். நாமினி நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்." அரை நிமிடம் காகிதம் புரளும் சத்தம் மட்டும்தான் கேட்கும். பிறகு ஒருவர் எழுந்து, "என் பெரிய பையன் பேர் இருக்கு சார், அப்ப எல்லாம் அவனுக்குத்தானே?" என்பார். எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். வங்கியில் வேலை பார்த்த காலத்தில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளைகள் சண்டை போட்டதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

பதில்: இல்லை ஐயா. வங்கி பணத்தை அவர் கையில் கொடுக்கும். அதனால் அந்தப் பணம் முழுதும் அவருடையதாகிவிடாது.

நாமினி பணத்தை வாங்கும் கை. அந்தப் பணம் யாருடையது என்பதைச் சொல்வது உயில். உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம். வங்கி வைப்புக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ZA பிரிவில் நாமினி ஏற்பாடு இருக்கிறது. நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். வாங்கிய நாமினி அதை உரியவர்களுக்காக வைத்திருக்கிறார். 2010ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும். "அப்படின்னா நாமினியே எதுக்கு? போடாமலே விட்டுடலாமே?" இது நியாயமான கேள்வி. நம் முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால்தான் பதில் புரியும். அதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பெரியவரின் கணக்கு

அண்மையில் ஒரு கூட்டம் முடிந்ததும் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி இருக்கிறார். பெரிய மகன் கூடவே இருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவர் வெளியூரில் இருக்கிறார். இளைய மகன் சில ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். அவருடைய மனைவியும் பள்ளியில் படிக்கும் மகளும் மருமகளின் பிறந்த வீட்டில் இருக்கிறார்கள். சொத்தெல்லாம் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். வங்கியில் 12 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட், அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8 லட்சம், 5 லட்சத்துக்கு ஒரு முழு ஆயுள் காப்பீடு. உயில் இல்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வகை வாரிசுகள் சம பங்கு பெறுவார்கள். மனைவிக்கு ஒன்று, உயிரோடிருக்கும் மகன், மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, தாயார் இருந்தால் அவருக்கும் ஒன்று. பெற்றவருக்கு முன்பே இறந்துபோன பிள்ளையின் பங்கு அந்தப் பிள்ளையின் மனைவி மக்களுக்குப் போகும். ஆக, இந்தப் பெரியவரின் 12 லட்சத்தில் பங்கு நான்கு. மனைவிக்கு 3 லட்சம், மகனுக்கு 3, மகளுக்கு 3, இளைய மகனின் கிளைக்கு 3. அந்தக் கடைசி மூன்றில் மருமகளுக்கு ஒன்றரை, பேத்திக்கு ஒன்றரை.

இதில் இரண்டு பேரைத்தான் வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, இறந்த மகனின் மனைவி. இன்னொன்று, ஐம்பதுகளில் ஒருவர் போய்விட்டால், பின்னால் இருக்கும் எண்பது வயதுத் தாயார். "அம்மாவுக்கா பங்கு?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். தந்தை இந்த முதல் வகையில் வரமாட்டார், தாய் வருவார்.

(இது இந்துச் சட்டப்படியான கணக்கு. இஸ்லாமியர்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம். உயிலில் எழுதக்கூடியதும் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குள்தான். கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பங்கு மாறும். நாமினி வாங்கும் கைதான் என்பது வங்கிக் கணக்கில் எல்லோருக்கும் ஒன்றே.)

பெரிய மகன் நாமினி, உயில் இல்லை

பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். பெரியவர் போன பிறகு பெரிய மகன் இறப்புச் சான்றிதழ், தன்னுடைய ஆதார் போன்ற அடையாள ஆவணம், கிளைம் படிவம், இந்த மூன்றோடு வங்கிக்குப் போவார். நீதிமன்றத் தடை உத்தரவு எதுவும் இல்லை என்றால் வங்கி பணத்தைக் கொடுத்தாக வேண்டும். நாமினியிடம் வாரிசுச் சான்றிதழ், ஜாமீன், பின்னால் நட்டம் வந்தால் ஈடு செய்வேன் என்று எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம் எதையும் கேட்கக் கூடாது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, எல்லா ஆவணமும் வந்த 15 நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். வங்கி தாமதித்தால் அதற்கு வட்டியாக ஈடும் தர வேண்டும். விதிகளை எல்லா வங்கிகளும் 2026 மார்ச் 31க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரக் கெடு.

வேகம் என்றால் இதுதான் வேகம். ஆனால் 12 லட்சமும் இப்போது பெரிய மகனின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. அவர் நல்லவராக இருந்து அம்மாவுக்கும் தங்கைக்கும் தம்பி குடும்பத்துக்கும் மூன்று மூன்று லட்சம் மாற்றிவிட்டால் கதை முடிந்தது. "அப்பா என் பேரைத்தானே எழுதினார்" என்று அவர் உட்கார்ந்துகொண்டால், மற்றவர்கள் வங்கியை ஒன்றும் கேட்க முடியாது. வங்கி தன் கடமையை முடித்துவிட்டது. மகளும் மருமகளும் பெரிய மகன் மேல்தான் வழக்குப் போட வேண்டும். சட்டம் அவர்கள் பக்கம்தான். ஆனால் வக்கீலுக்கும் வருடங்களுக்கும் யார் பொறுப்பு? வெளியூரில் குழந்தையோடு இருக்கும் மருமகள் ஒன்றரை லட்சத்துக்காக எத்தனை வாய்தாவுக்கு வருவார்?

இவ்வளவுக்கும் அந்த மகன் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பாதிப் பேர் உண்மையாகவே அந்தப் பணம் தங்களுடையது என்று நம்புகிறார்கள். அப்பாவும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

நாமினியே இல்லை

அதே 12 லட்சம், நியமனப் பத்தி காலி. இப்போது வங்கி வாரிசுகள் எல்லோரையும் பார்க்கும். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர், பிறகு தாசில்தார் கையெழுத்து. அந்தச் சான்றிதழில் வாரிசுகளின் பெயரும் உறவும் இருக்கும், பங்கு இருக்காது. இதை நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழோடு குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். ஒன்று வருவாய்த் துறை தருவது. மற்றது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனுப் போட்டு, அறிவிப்பு கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குவது.

ஒரு நல்ல செய்தி, எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நாமினி இல்லாத வைப்புகளுக்கு, வணிக வங்கி என்றால் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரை எளிய நடைமுறையில் கொடுக்க வேண்டும் என்று அதே ரிசர்வ் வங்கி விதிகள் சொல்கின்றன. அதாவது ஈட்டுறுதிப் பத்திரம் கொடுப்பது, பணம் வாங்காத வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பது. நம் பெரியவரின் 12 லட்சம் இந்த வரம்புக்குள் வந்துவிடும். அதே வங்கியில் 20 லட்சம் வைத்திருந்தால் நடைமுறை கடுமையாகும்.

எளிது என்றாலும் ஐந்து பேர் சம்மதம் வேண்டும். மனைவி, மகன், மகள், மருமகள், மைனர் பேத்திக்காகக் காப்பாளர். ஒருவர் முறுக்கிக்கொண்டால் நின்றுபோகும். வாரிசுகளுக்குள் தகராறு என்று தெரிந்தாலே வங்கி, "நீதிமன்ற உத்தரவோடு வாருங்கள்" என்று சொல்லிவிடும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாமினி இல்லாத கணக்கில்தான் மருமகளின் கையெழுத்து இல்லாமல் பணம் நகராது. பெரிய மகன் நாமினியாக இருந்திருந்தால் அப்படி ஒரு வைப்பு இருந்ததே அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். கட்டிக்கொடுத்த மகளைச் சத்தமில்லாமல் விலக்கிவிடும் குடும்பங்களில், காலியான அந்தப் பத்தி அவளுக்கு ஒரு காவல் மாதிரி நிற்கிறது. ஆனால் அந்தக் காவலுக்கு எல்லோரும் விலை கொடுக்கிறார்கள். அதிகம் கொடுப்பது, மறுநாளே மருந்துக்குப் பணம் வேண்டியிருக்கும் மனைவிதான். அதனால் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கு

"ஐதர் ஆர் சர்வைவர்" என்று வங்கிகளில் சொல்வார்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் தொடரலாம். நாமினி இருந்தாலும், கூட்டுக் கணக்கில் இருவரும் போன பிறகுதான் நாமினிக்கு வேலை. மனைவிக்குத் தட்டுப்பாடு வராமல் இருக்க இதுதான் உடனடி வழி. பெரியவரிடமும் முதலில் இதையே சொன்னேன்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, உயிரோடிருப்பவர் பணத்தை எடுக்கலாம் என்பதால் அது முழுதும் அவருடையது என்று ஆகிவிடாது. போட்ட பணம் கணவருடையது என்றால், வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது. மனைவியும் இங்கே ஒரு வகையில் வாங்கும் கைதான். நடைமுறையில் பிள்ளைகள் அம்மாவிடம் கணக்குக் கேட்பது குறைவு என்பது வேறு.

இரண்டாவது, அதிகம் பேருக்குத் தெரியாதது. ஐந்து வருட வைப்பு, இரண்டாம் வருடத்தில் கணவர் போய்விட்டார். மனைவி முதிர்வு வரை காத்திருந்தால் சிக்கல் இல்லை. நடுவில் உடைக்க வேண்டும் என்றால், வங்கி மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் கேட்கலாம். இதைத் தவிர்க்க, வைப்புப் போடும்போதோ பிறகோ, "ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன் எடுத்துக்கொள்ளலாம்" என்று இருவரும் சேர்ந்து ஒரு கூட்டு அதிகாரக் குறிப்பு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கணக்குத் திறக்கும் படிவத்தில் சின்ன எழுத்தில் ஒரு கட்டமாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. வைப்பு ஏற்கெனவே இருந்தாலும் கிளையில் இருவரும் சேர்ந்து போய் எழுதிக் கொடுக்கலாம். இருவரும் உயிரோடு இருக்கும்போது மட்டும்தான் அது முடியும்.

நான்கு நாமினி வரை

2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம். சதவீதம் பிரித்து ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கொடுக்கும்படி எழுதலாம். மொத்தம் நூறு வர வேண்டும். அல்லது வரிசையாக எழுதலாம். முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர், அவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான்.

நம் பெரியவருக்கு இது நன்றாகவே பொருந்தும். மனைவிக்கு 25, மகனுக்கு 25, மகளுக்கு 25, மருமகளுக்கு 25 என்று எழுதினால் வங்கியே நேரடியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். யாரும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். பேத்தியின் பங்கு மருமகள் கையில் போய்ச் சேரும். சட்டம் சொல்லும் பங்கும் நாமினி சதவீதமும் ஒன்றாக இருந்தால் வழக்குக்கு இடமே இல்லை.

ஆனால் சதவீதம் எழுதியதாலேயே அது பாகப்பிரிவினை ஆகிவிடாது. மகளுக்கு 60 என்று எழுதிவிட்டு உயில் எழுதாமல் போனால், மற்றவர்கள் தங்கள் பங்கை அவளிடம் கேட்கலாம். கூடுதலாகத் தர நினைத்தால் உயிலில் எழுதுங்கள். இன்னொன்று: சதவீதம் பிரித்த நாமினிகளில் ஒருவர் முன்னதாக இறந்துவிட்டால், அவர் பங்குக்கு மட்டும் நாமினி இல்லாத நடைமுறை வந்துவிடும். வயதானவர்களை மட்டுமே நாமினியாக எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அஞ்சலகமும் காப்பீடும் அதே மாதிரியா?

அஞ்சலகச் சேமிப்பிலும் நாமினி வாங்கும் கைதான். 2009ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சிப்ரா சென்குப்தா வழக்கைக் கூட்டங்களில் எப்போதும் சொல்வேன். கல்யாணத்துக்கு முன்பு அம்மாவை நாமினியாக எழுதியவர், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றவே இல்லை. குழந்தை இல்லாமல் இறந்துபோனார். அம்மா தனக்கே முழுதும் என்றார், மனைவி பங்கு கேட்டார். நீதிமன்றம் ஆளுக்குப் பாதி என்றது. அம்மா நாமினி என்பதற்காக அதிகம் கிடைக்கவில்லை, மனைவி நாமினி இல்லை என்பதற்காகக் குறையவும் இல்லை. ஆனால் அவர் இறந்தது 1990ல். வழக்கு முடியப் பத்தொன்பது வருடம் ஆனது. ஒரு படிவத்தை மாற்றாததன் விலை அது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மட்டும் நாமினி யார் என்பதற்கு ஒரு தனிப் பலன் உண்டு. வைத்திருப்பவர் இறந்தால், இறந்த நாளிலிருந்து அந்தத் தொகைக்குத் திட்ட வட்டி நின்று, சாதாரண அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வட்டிதான் ஓடும். மனைவி கூட்டாளியாகவோ ஒரே நாமினியாகவோ இருந்து, அந்தத் திட்டத்தில் சேரும் தகுதியும் அவருக்கு இருந்து, வேறு கணக்கு அதில் இல்லை என்றால், முதிர்வு வரை அதே வட்டியில் தொடரலாம். ஆகவே இந்த 8 லட்சத்துக்கு நான்கு பேரைப் போடாதீர்கள், மனைவியை மட்டும் போடுங்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். வங்கிக்குச் சொன்ன யோசனைக்கு இது நேர் எதிர்தான், தெரியும். அந்தந்தப் பணத்துக்கு அந்தந்த விதி.

காப்பீடு வேறு பாதையில் போய்விட்டது. 1983 இறுதியில் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலிசி நாமினியும் வாங்கும் கைதான், தாயும் மகனும் பங்கு கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. பல்லாண்டு அதுவே நடைமுறை. 2015ல் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவைத் திருத்தினார்கள். பாலிசிதாரரின் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் யாராவது நாமினியாக இருந்தால், அந்தப் பணத்தின் பலனுக்கே அவர் உரியவர் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அண்ணன், தம்பி, அத்தை மகன், நண்பர் என்றால் பழைய கதைதான், வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அதனால் ஆயுள் காப்பீட்டில் யார் பெயரை எழுதுகிறோம் என்பதற்கு வங்கியைவிட எடை அதிகம். நம் பெரியவரின் 5 லட்சம் பாலிசிக்கு மனைவி நாமினி. சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் ஐந்தும் மனைவிக்கே. ஆனால் இந்தத் திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தையே மீறிவிடுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2025ல் கர்நாடக உயர் நீதிமன்றம், வாரிசுகள் உரிமை கோரினால் நாமினியின் உரிமை அதற்குக் கட்டுப்பட்டதே என்று தீர்ப்பளித்தது. எனவே, "பாலிசியில் எழுதிவிட்டேன், போதும்" என்று இருக்க முடியாது. காப்பீட்டுப் பணம் மனைவிக்கு மட்டும் போக வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், நாமினியிலும் அவர் பெயர், உயிலிலும் அவர் பெயர்.

பழைய பாலிசி வைத்திருக்கிறவர்கள் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டது என்றால், அண்ணன் பெயரோ, மறைந்துபோன அப்பா பெயரோ இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உயிலும் நாமினியும் முரண்பட்டால்

கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "உயில்ல பொண்ணுக்குன்னு எழுதி வச்சிருக்கேன். பேங்க்ல பையன் நாமினி. யாருக்குக் குடுப்பாங்க?"

பையனிடம்தான் கொடுப்பார்கள். உயிலைக் காட்டி மகள் முன்னால் போய் நின்றாலும், நீதிமன்றத் தடை இல்லாவிட்டால் வங்கி நாமினியிடமே கொடுக்கும். உயில் எழுதியதால் நாமினி மாறமாட்டார். நாமினியை மாற்ற வங்கியின் படிவத்தில்தான் மாற்ற வேண்டும். அந்தப் பணம் மகளுக்கு உரியது என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. அவள் அண்ணனிடமிருந்து அதை வாங்க வேண்டும். அம்மாவே முன்னதாக யோசித்து மகளையே நாமினியாக எழுதிவிட்டால் இந்த வேலையே இல்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட வேண்டும். பங்கு பெறுகிறவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். அனுபவத்தில் கற்ற ஒன்றையும் சொல்கிறேன். உயிலில் டெபாசிட் ரசீது எண்ணைப் போட்டு, "இந்த எண் வைப்பு மகளுக்கு" என்று எழுதுகிறார்கள். வைப்பு புதுப்பிக்கப்பட்டால் எண் மாறிவிடலாம். பிறகு எந்த வைப்பு என்று தகராறு. "இன்ன வங்கி இன்ன கிளையில் நான் இறக்கும் நாளில் என் பெயரில் உள்ள எல்லா வைப்புகளும்" என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

கவுன்டரில் சிக்குகிற இடங்கள்

நம் ஊரில் நாமினி கிளைம் சிக்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம், இனிஷியல் போதும். மகளுக்குக் கல்யாணம் ஆகும் முன் "எஸ். மீனாட்சி" என்று நாமினி எழுதியிருப்பார்கள். ஆதாரில் கணவர் பெயரின் எழுத்தோடு "ஆர். மீனாட்சி" என்று இருக்கும். அல்லது வீட்டில் கூப்பிடும் பெயரை நாமினியில் எழுதியிருப்பார்கள். அவளேதான் இவள் என்று நிரூபிக்க அலைய வேண்டும். நாமினியின் பெயரை இப்போதைய ஆதாரில் உள்ளபடி ஒரு முறை சரிபாருங்கள். பாஸ்புக்கில் "நியமனம் பதிவாகியுள்ளது" என்று மட்டும் இருந்து பெயர் இல்லாவிட்டால், கிளையில் கேட்டு அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வைப்புக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் நாமினி இருப்பதாலேயே எல்லா டெபாசிட்டிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இறந்த பிறகு வங்கிக்குச் சொல்லாமல் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுப்பது இன்னொன்று. "ஈமச் சடங்குச் செலவுக்குத்தானே" என்பார்கள். கணக்கு வைத்திருந்தவர் போனதும் அந்த அட்டையைப் பயன்படுத்தும் அதிகாரம் யாருக்கும் இல்லை. பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால், இறந்த தேதிக்குப் பிறகு எடுக்கப்பட்ட ஒவ்வொரு பத்தாயிரமும் கணக்குப் பட்டியலில் தேதியோடு வந்து நிற்கும். ஓய்வூதியமும் அப்படியே. இறந்த பிறகு தவறி வரவான ஓய்வூதியத்தைத் திருப்ப வேண்டும்.

பெரியவரிடம் என்ன சொன்னேன்

வங்கி வைப்பை மனைவியோடு கூட்டுக் கணக்காக்கி, முன்கூட்டியே எடுக்கும் அதிகாரக் குறிப்பையும் சேர்க்கச் சொன்னேன். அதில் நாமினியாக மகன், மகள், மருமகள் மூவருக்கும் சதவீதம். அஞ்சலகத்துக்கு மனைவி மட்டும். பாலிசி மனைவி பெயரில் இருப்பது அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் இதே போக்கில் சொல்லும் ஒரு பக்க உயில். மகன் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார், அவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தால், அதையும் உயிலில் எழுதி, நாமினி சதவீதத்திலும் அதே எண்ணைப் போடச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து டெபாசிட் ரசீதுகளை எடுத்துக் கொடுத்தார். நான்கு ரசீது. மூன்றில் பெரிய மகன் பெயர். நான்காவதில், மூன்று லட்சத்துக்கானதில், இளைய மகன் பெயர்.

"ஐயா, இது..." என்று இழுத்தேன்.

"தெரியும் சார். ஒவ்வொரு தடவை ரினியூவல் பண்றப்பவும் அந்தப் பொண்ணு கேக்கும், மாத்தணுமா சார்னு. அந்தப் பேரை அடிக்க மனசு வரல."

நாமினி இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது, அந்த மூன்று லட்சத்துக்கு இன்றைக்கு நாமினியே இல்லை என்று சொன்னேன். பெயரை அடிக்க வேண்டியதில்லை, புதுப் படிவம் ஒன்று கொடுத்தால் போதும், பழையது தானாக நீங்கிவிடும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியின் பெயரை எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம், மைனர் என்பதால் அவளுக்காகப் பணத்தை வாங்க ஒரு பெரியவரின் பெயரும் அதே படிவத்தில் வேண்டும் என்றேன். மருமகளின் முழுப் பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. போனை எடுத்து, கூடத்தை விட்டு வெளியே போனார்.